கால் கிராம்கூட வேண்டாம்!

பொட்டாஷ் படிகாரத்தைப் போல இன்பம் தரும் உப்பு வேறொன்று இருப்பதாக நான் நம்பவில்லை. 50 டிகிரி சூட்டில் இருக்கும் 100 மில்லி நீரில் அது ஏறக்குறைய 36.8 கிராம் கரைகிறது. 20 டிகிரிக்கு ஆறினால் அதே நீரால் 14 கிராமைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி 23 கிராம் வெளியே வந்தே தீரவேண்டும். அது எந்த உருவில் வருகிறது என்பதில்தான் என் பித்தெல்லாம்!

அந்த 23 கிராமும் ஒரே படிகமாகச் சேர்ந்தால், விளிம்பு 3 சென்டிமீட்டர் இருக்கும் அழகான எண்முகம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் விளிம்பாகப் பிரிந்து வந்தால், சுமார் இரண்டே முக்கால் கோடிப் பொடிகள் அடியில் படியும். உப்பும் அதேதான், எடையும் அதேதான். எத்தனை படிகங்கள் பிறந்தன என்பது மட்டுமே வேறு. பிறப்பை அடக்கினால் அளவு நம் கைக்கு வந்துவிடும்.

அடக்க முடிகிறது என்பதுதான் என்னை மயக்குகிறது. கரைசல் ஆறும்போது தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுதல் உப்பு அதில் தங்கிவிடுகிறது. இதுவே அதிதெவிட்டிய நிலை. அயனிகள் அங்கங்கே கூடிச் சிறு திரள்களாகின்றன. ஆனால் மிகச் சிறிய திரளில் பெரும்பகுதி மேற்பரப்பாகவே இருப்பதால், அதைத் தக்கவைக்க ஆகும் ஆற்றல் செலவு மிக அதிகம். அது உடனே கலைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய திரள்தான் கருவாகி நிலைக்கும். அதிதெவிட்டல் கூடக்கூட அந்த எல்லை சுருங்குகிறது. அதனால் புதுக் கருக்கள் மெல்ல மெல்லப் பெருகுவதில்லை. வெகுநேரம் ஒன்றுமே தோன்றாமல் இருந்து, ஒரு கட்டத்தில் மடைதிறந்ததுபோல் கொட்டுகின்றன. ஏற்கெனவே இருக்கும் படிகத்தின் வளர்ச்சிக்கு இந்த அவசரம் கிடையாது. கொஞ்சம் அதிதெவிட்டல் இருந்தாலே அது வளரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறதே, அதுதான் பொக்கிஷம்! 1897-லேயே ஆஸ்ட்வால்ட் அடையாளம் காட்டிய அந்த இடைநிலை மண்டலத்துக்குள் கரைசலை நிறுத்தினால், புதியவை பிறக்காமல் நாம் போட்ட விதைப் படிகங்கள் மட்டும் வளரும்.

எனக்கு 1 மில்லிமீட்டர் படிகங்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் சலித்தெடுத்த 0.2 மில்லிமீட்டர் விதை இருக்கிறது. ஒவ்வொரு விதையும் நீளத்தில் 5 மடங்கு வளர்ந்தால் எடையில் 125 மடங்காகும். விதையின் எடையோடு 23 கிராம் சேர்ந்தால் விதையின் 125 மடங்கு வரவேண்டும். ஆகவே 23-ஐ 124-ஆல் வகுத்தால் போதும். சுமார் 0.18 கிராம்! ஒரு சிட்டிகை விதை 23 கிராமின் தலையெழுத்தையே எழுதுகிறது. இதை 49 டிகிரி வாக்கில் தூவவேண்டும். தெவிட்டும் வெப்பநிலைக்கு மேலே தூவினால் விதை கரைந்துபோகும்.

அடுத்தது ஆறவைக்கும் வேகம். எனக்கு மிகமிகப் பிடித்த இடம் இதுதான். சும்மா மேசைமேல் வைத்த கரைசல் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஆறும். படிகங்களுக்கு வேண்டியதோ நேர் எதிரானது! தொடக்கத்தில் விதைகளின் மொத்தப் பரப்பு மிகக் குறைவு; மிஞ்சும் உப்பை அவற்றால் உடனுக்குடன் வாங்கிக்கொள்ள முடியாது. அது தேங்கி மண்டலத்தின் மேல் எல்லையைத் தாண்டும், கருமழை கொட்டும். பரப்பு பெருகியபின் இன்னும் வேகமாக ஆறவைத்தாலும் படிகங்கள் வாங்கிக்கொள்ளும். மல்லினும் நிவ்ல்ட்டும் 1971-இல் இந்த ஆறும் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். விதையிட்ட கரைசலுக்கு எளிய வடிவில் அது கழிந்த நேரத்தின் மும்மடியைப் பின்பற்றும். 8 மணி நேரத்தில் 30 டிகிரி இறக்க வேண்டுமானால், முதல் 4 மணி நேரத்தில் 4 டிகிரிகூட இறங்கக் கூடாது. மீதி 26 டிகிரியும் பின்பாதியில்! சூடேற்றியும் குளிரூட்டியும் வெப்பக் கட்டுப்பாடும் உள்ள நீர்த்தொட்டியில் பாத்திரத்தை அமர்த்திவிட்டால் இதை அப்படியே செய்யலாம். இந்தப் பாதையில் இறங்கிவந்த படிகங்களை லென்ஸில் பார்த்தால் முகங்கள் தெளிவாக, ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவைபோல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தெவிட்டுவதில்லை.

கலக்குவதிலும் அளவு உண்டு. விதைகள் அடியில் தங்காமல் மிதந்தால் போதும். தங்கிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கடுமையாகக் கலக்கினால் படிகங்கள் மோதிச் சில்லுகள் தெறித்து, ஒவ்வொரு சில்லும் புது விதையாகிவிடும், நம் 0.18 கிராம் கணக்கு அதோடு போயிற்று. டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் இது உடனே தெரியும். விதைகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று பட்டுத்துகள்போல மினுமினுப்புப் பரவும்.

அப்போதும் கைவிட வேண்டியதில்லை. இரண்டு மூன்று டிகிரி சூட்டை ஏற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். எல்லாப் படிகங்களும் மேலிருந்து ஒரே மாதிரி மெல்லிய ஏடாகத்தான் கரையும். பெரியவற்றுக்கு அது பொருட்டே இல்லை, துகள்களுக்கோ அதுதான் முழு உடம்பும். மினுமினுப்பு அடங்கியதும், மறுபடி மெதுவாக ஆறவைக்கத் தொடங்கலாம்.