அவன எங்க காணோம்?

செஞ்சிக் கோட்டை தெரிகிற ஒரு சேரியில் ஆயா ஒருவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய சாட்சியம் நாற்பது பக்கம். இதழில் இடமோ நான்கு பக்கம். சுருக்குவது தொழில்நுட்ப வேலைதான் என்று அப்போது நினைத்தேன். ஒரே ஒரு வாக்கியம் அந்த நினைப்பைக் கெடுத்தது.

‘அன்னிக்கி டீக்கடையில நாலு பேரு பாக்க, நாலு பேரு பாக்கணும்னே, கடக்காரன் எனக்கு மட்டும் கொட்டாங்குச்சியில டீய ஊத்திக் குடுத்தான், நான் வாங்கி கீழ குந்திக் குடிச்சேன்.’ இருபது சொல்.

முதலில் சொற்களை நீக்கினேன். ‘நான்’ போகலாம், ‘குடிச்சேன்’ என்பதிலேயே ஆள் இருக்கிறது. ‘வாங்கி’யும் போகலாம். ‘அன்னிக்கி’யை எடுத்தால் ஒருநாள் நடந்ததா தினமும் நடந்ததா என்பது மங்குகிறது. திரும்பச் சொன்னதுதானே என்று ‘நாலு பேரு பாக்கணும்னே’ என்பதையும் அடித்தேன். அது திரும்பச் சொன்னதல்ல. முதலாவது, பார்த்தார்கள் என்கிறது. இரண்டாவது, பார்க்க வேண்டுமென்றே செய்தான் என்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இழிவுபடுத்தினான் என்று நிறுவ இந்த இரண்டையுமே கேட்கிறது: வேண்டுமென்றே செய்தது, பொதுமக்கள் பார்வையில் நடந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே.

அடுத்து, தொடருக்குப் பதில் ஒற்றைச் சொல். ‘டீக்கடையில் கடைக்காரன் என்னிடம் தீண்டாமை காட்டினான்.’ ஐந்தே சொல். ஆள் இருக்கிறான், செயல் போய்விட்டது. கொட்டாங்குச்சி இல்லை, குந்தின தரை இல்லை. ‘தீண்டாமை’ வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். தெரிந்ததைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆயா தந்தது பெயரை அல்ல, நடந்ததை.

பிறகு வாக்கியத்தையே மாற்றிக் கட்டினேன். ‘டீக்கடையில் எனக்கு மட்டும் கொட்டாங்குச்சியில் டீ வழங்கப்பட்டது.’ ஆறு சொல். கொட்டாங்குச்சி திரும்ப வந்தது. அதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஏந் தம்பி, அவன எங்க காணோம்?’ என்றார். ‘பட்டது’ என்ற முடிவில் கடைக்காரன் தப்பித்துவிட்டான். பத்திரிகைச் செய்திகளில் ‘தாக்கப்பட்டார்’, ‘ஒதுக்கப்பட்டனர்’ என்று படிக்கிறோமே, அங்கெல்லாம் இதே ஓட்டைதான்.

மாற்றிக் கட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கடைசியில் நின்றது இது: ‘அன்னிக்கி நாலு பேரு பாக்கணும்னே கடக்காரன் எனக்கு மட்டும் கொட்டாங்குச்சியில டீ ஊத்துனான், கீழ குந்திக் குடிச்சேன்.’ பதிமூன்று சொல். இடத்தைக் ‘கடக்காரன்’ சொல்லிவிடுகிறான். செய்தவன் எழுவாயாக நிற்கிறான், வினை அவனுடையதாகவே முடிகிறது.

ஆகவே இப்போது என் வரிசை இதுதான்: முதலில் நீக்கு, ஆனால் திரும்பச் சொல்வதை இருமுறை படித்துவிட்டு நீக்கு. போதாவிட்டால் வாக்கியத்தை மாற்று, செய்தவனை விடாதே. நடந்ததை எடுத்துவிட்டு அதன் பெயரை வைக்காதே. அச்சுக்கு அனுப்புமுன் சொன்னவரிடம் படித்துக் காட்டு. காணாமல் போனவனை அவர்தான் முதலில் தேடுவார்.