‘நாளை’ என்று எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சல்

பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் எழுதின மின்னஞ்சல் ஒன்று என் கைக்கு வந்தது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுபவன். பெரம்பலூர் பக்கத்துக் கிராமம், படித்தது அங்கேயே ஒரு பொறியியல் கல்லூரியில். “இதுல என்ன சித்தப்பா தப்பு?” என்று கேட்டுத்தான் அனுப்பியிருந்தான். அவன் அனுமதியோடு, அடையாளங்களை எடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு இங்கே வாசிக்கிறேன்.

நடந்தது இது. மார்ச் 12, புதன்கிழமை காலை 11 மணிக்கு அவனுக்கு ஆன்லைனில் டெக்னிக்கல் ரவுண்ட். முதல் நாள் இரவு படித்துக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு மணி தாண்டி போன் வந்தது. அரியலூர் பக்கத்தில் இருக்கும் தாய்மாமன் நெஞ்சுவலியில் தவறிட்டார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, ஒரு காரைப் பிடித்து அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போகும் வழியில் 1:40க்கு, பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருக்க, போனிலேயே ரெக்ரூட்டருக்கு எழுதினான். ரெக்ரூட்டர் காலையில் பார்த்து, “சரி, பேனலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று பதிலும் போட்டார். ஆனாலும் 11 மணிக்கு இன்டர்வியூ எடுப்பவர் லிங்க்கைத் திறந்து காத்திருந்தார். பையன் வரவில்லை. ‘நோ ஷோ’ என்று பதிவாகிவிட்டது.

கோபத்தில் எல்லாரும் ரெக்ரூட்டரைத்தான் திட்டினார்கள். நானும் முதலில் அப்படித்தான். பிறகு கடிதத்தைப் படித்தேன். அதில் எங்கேயும் தேதி இல்லை. “நாளை நடக்கவிருக்கும் இன்டர்வியூ” என்று இருந்தது. எழுதினவனுக்கு அது இன்னும் செவ்வாய்க்கிழமை ராத்திரி. தூங்காதவனுக்கு நாள் மாறுவதில்லை. மெயில் சர்வருக்கோ 1:40 என்பது புதன். ஒன்பதரை மணிக்கு அதைத் திறந்த ரெக்ரூட்டருக்கு ‘நாளை’ என்றால் வியாழன். ஒரே நாளில் பத்துப் பேருக்கு ரவுண்ட் வைப்பவர், ஒவ்வொருத்தர் தேதியையும் தேடிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று நிதானமாகப் பதில் போட்டுவிட்டார். நேர மண்டலக் கோளாறுகளில் பல இரவுகளைத் தொலைத்தவன் நான். மனிதர்கள் எழுதும் கடிதத்திலும் அதே பிழை வரும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த ஒரு சொல்லோடு விமர்சனத்தை முடித்திருக்கலாம். ஆனால் தேதி ஏன் விட்டுப்போனது என்று பார்த்தால், அது மறதியில் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. கடிதத்தின் அமைப்பிலேயே அதற்கு இடமில்லை.

அமைப்பு இப்படி: ரெஸ்பெக்டட் சார். (ரெக்ரூட்டர் ஒரு பெண், பெயர் முந்தைய மெயிலில் தெளிவாக இருக்கிறது.) தன் பெயர், ஊர், கல்லூரி. பிறகு அங்கிள் இறந்த விவரம், எந்த நேரம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அம்மா எப்படி இருக்கிறார். இந்த வேலையில் தனக்கு எவ்வளவு ஆர்வம். தேவைப்பட்டால் இறப்புச் சான்றிதழ் தருகிறேன். மன்னிக்கவும். கடைசி வரியில், “கைண்ட்லி ரீஷெட்யூல் அண்ட் டூ தி நீட்ஃபுல்.”

இதை எங்கேயோ படித்திருக்கிறோம். ஆறாம் வகுப்பில் எழுதின லீவு லெட்டர்தான்! ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று காரணத்தில் தொடங்கி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிந்து, கீழே அப்பா கையெழுத்தோடு போகும் அதே கடிதம். நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதின முதல் கடிதமும், கல்லூரி முடிக்கும்வரை எழுதின ஒரே கடிதமும் அதுதான்.

அந்த வடிவத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அது அது செய்யவேண்டிய வேலையைச் சரியாகச் செய்கிறது. லீவு லெட்டரைப் படிக்கும் வாத்தியார் எதுவும் செய்ய வேண்டியதில்லை. படித்து, நம்பி, மேசையில் வைத்தால் போதும், வகுப்பு எப்படியும் நடக்கும். அதனால் அந்தக் கடிதத்தின் மொத்த பலமும் காரணத்தை நம்பவைப்பதில் இருக்கிறது. மறுதேதி கேட்கும் மின்னஞ்சலோ படிப்பவரை எழுந்து வேலை செய்யச் சொல்கிறது. இன்டர்வியூ எடுப்பவருக்குச் சொல்லணும், 11 மணி அழைப்பை நீக்கணும், இருவருக்கும் ஒத்துவரும் வேறொரு மணி நேரத்தைத் தேடணும். அதற்கு வேண்டிய தகவல்கள் எந்த ரவுண்ட், எந்தத் தேதி, எப்போதிலிருந்து வர முடியும் என்பவை. நம் பையன் கடிதத்தில் இந்த மூன்றும் இல்லை. இல்லாத இடத்தைத்தான் ‘டூ தி நீட்ஃபுல்’ நிரப்பியிருக்கிறது. ஆவன செய்க என்றால், என்ன செய்வது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று பொருள்.

இங்கே ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் பணிவுமொழி பற்றி எழுதின ஆய்வு 1978இல் ஒரு தொகுப்பில் வந்து, 1987இல் தனி நூலானது. மொழியியலில் பணிவு என்று பேசினால் இதைத் தொடாமல் போக முடியாது. அதன் சான்றுகள் மூன்று மொழிகளிலிருந்து வந்தவை: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், நம்ம தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்து கிராமம் ஒன்றில் லெவின்சன் சேகரித்த தமிழ். ஒரு கோரிக்கை எவ்வளவு கனமானது என்பதற்கு அவர்கள் வைத்த சூத்திரம் இது:

```
Wx = D(S,H) + P(H,S) + Rx
```

D என்பது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம், P கேட்பவருக்கு நம்மேல் உள்ள அதிகாரம், R கேட்கும் விஷயத்தின் பாரம். கூட்டுத்தொகை ஏற ஏற, நாம் சுற்றி வளைத்துப் பணிந்து பேசுகிறோம். அதில் மன்னிப்புக் கேட்கும் உத்திக்கு நான்கு வழிகளைச் சொல்கிறார்கள்: தொந்தரவு என்று ஒத்துக்கொள்வது, தயக்கம் காட்டுவது, தவிர்க்கவே முடியாத காரணம் சொல்வது, மன்னிப்பு வேண்டுவது. பையன் கடிதத்தில் நான்கும் இருக்கின்றன! பணிவு என்ற அளவில் அது குறையில்லாத கடிதம்.

அவன் கணக்கு தப்பினது R-இல். மறுதேதி கேட்பதையே பெரிய பாரம் என்று நினைத்துவிட்டான். நான் பல வருடமாக மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்கிறேன். முன்கூட்டியே சொல்லி மாற்றினால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால்தான் பாரம். அதாவது அந்த R, கேட்கும் விஷயத்தைவிட நேரத்தோடு சேர்ந்து ஏறுவது. காரணத்தை எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது குறையாது. தேதியை முதல் வரியில் வைத்தால் குறையும்.

அடுத்து அந்த ‘அங்கிள்’. தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை புருஷன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஆங்கிலத்தில் அங்கிள்தான். மடியில் உட்கார வைத்துக் காது குத்தின மாமன் என்பதை அந்தச் சொல் சொல்லாது. அது தெரிந்துதான் பையன் ஆஸ்பத்திரி, நேரம், அம்மாவின் நிலை என்று விவரங்களை அடுக்கி அந்தக் குறையை ஈடுகட்டப் பார்த்திருக்கிறான். உறவின் எடையை விளக்குவது தோற்கிற வேலை. ‘என் குடும்பத்தில் ஒரு மரணம்’ என்றால் யாரும் எந்த உறவு என்று கேட்பதில்லை. கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். சான்றிதழ் வாக்குறுதியும் வேண்டாம். இறப்பைப் பதிவு செய்யவே 21 நாள் அவகாசம் உண்டு, இரண்டே நாளில் கேட்டால் எங்கே போவான்? கேட்காதபோதே நிரூபிக்க முன்வருவது, இல்லாத சந்தேகத்தை நாமே கிளப்புவது.

இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் மாதிரிகள் இதற்கு நேர் எதிர். ‘எதிர்பாராத சூழ்நிலை காரணமாக’ என்று வழுவழுப்பாக ஆரம்பிக்கும். டிராஃபிக்கா, தூக்கமா, மரணமா என்று ஒன்றும் தெரியாது. எனக்குப் பையன் கடிதமே மேல். அதிலாவது ஒரு ஆள் இருக்கிறான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினோம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“பொருள்: மார்ச் 12 புதன் காலை 11 மணி டெக்னிக்கல் ரவுண்டை மாற்ற வேண்டுகிறேன் – (பெயர், பதவி).

வணக்கம் மேடம். இன்று, மார்ச் 12 புதன், காலை 11 மணி ரவுண்டுக்கு என்னால் வர முடியாது. நேற்றிரவு என் குடும்பத்தில் ஒரு மரணம். நான் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 14 வெள்ளி அல்லது 17 திங்கள், காலை 10 மணிக்கு மேல் எப்போதும் வர முடியும். 26, 27 தேதிகளில் மட்டும் முடியாது. இன்று சிக்னல் சரியாக இருக்காது, அவசரம் என்றால் இந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

13ஆம் தேதி பால் தெளி, அதனால் 14. பதினாறாம் நாள் காரியம் 27 வியாழன், முதல் நாளும் வேலை இருக்கும். அது இப்போதே தெரிந்த தேதி. சொல்லாமல் விட்டு, அடுத்த ரவுண்டை 27இல் வைத்துவிட்டால் மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு இடமும் ஓட்டை. மெயில் போனது ரெக்ரூட்டருக்கு மட்டும். காலண்டர் அழைப்பில் அவன் முன்பே அழுத்தின சம்மதம், அதாவது `PARTSTAT=ACCEPTED`, அப்படியே இருந்தது. இன்டர்வியூ எடுப்பவர் காலையில் பார்ப்பது அந்தக் காலண்டரைத்தான். அங்கே `Decline` அழுத்தியிருந்தால், மாற்றம் அழைப்பை அனுப்பினவர் பார்வைக்காவது போயிருக்கும். ஆனால் மெயிலை அனுப்பின பிறகுதான் அதைச் செய்யணும். வெறும் `Decline` மட்டும் வந்தால், வேலையே வேண்டாம் என்று விலகிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு ஒரு போனும் பண்ணியிருக்கலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் அவன் பந்தலுக்கு மூங்கில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

படித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “மாமா செத்ததை ஒரு வரியில எழுதினா, நமக்கே ஒரு மாதிரி இல்லையா சித்தப்பா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1:40க்கு அந்தக் காரில் அவன் எழுதினதில் பாதி ரெக்ரூட்டருக்கு எழுதினதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கம்பெனி மறுதேதி தரவில்லை, ஆறு மாதம் கழித்து விண்ணப்பிக்கச் சொன்னது. தேதி குழப்பத்தை விளக்கி இன்னொரு மெயில் போட்டிருக்கிறான். அதில் முதல் வரியிலேயே தேதி இருக்கிறது, ‘ரெஸ்பெக்டட் சார்’ மட்டும் மறுபடி வந்துவிட்டது.