நாற்பது மில்லிமீற்றருக்கு யார் பொறுப்பு?

“உங்க கொழும்புல பிம் எல்லாம் யாரு மேடம் பண்றாங்க? இன்னும் டூ-டி டிராயிங்தானே?”

சென்னை கிண்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில், மாலைக் காப்பி வேளையில், குழுத் தலைவர் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் ‘தானே’ என்னோடு விமானம் ஏறிக் கட்டுநாயக்கா வரை வந்தது. நான் வேலை செய்வது ஹெவ்லொக் டவுனில். வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்த நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிட்டி கோபுரங்கள் நிற்கின்றன. அந்த வீதியால்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இங்கே பிம் யார் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

சொற்களிலேயே இரண்டு ஊரும் பிரிகின்றன. நாங்கள் மொடல் என்பது அவர்களுக்கு மாடல். எங்கள் பொறியியலாளர் அங்கே பொறியாளர். சைட்டில் என்னை ‘மிஸ்’ என்பார்கள், அங்கே ‘மேடம்’. கட்டுவதற்கு வெளியிடும் வரைபடத்தை நாங்கள் கொன்ஸ்ட்ரக்ஷன் டிரோயிங் என்போம், அவர்கள் ஜி.எஃப்.சி. என்கிறார்கள். அளவெடுத்துப் பில் போடுகிறவர் அங்கே பெரும்பாலும் பில்லிங் இன்ஜினியர். இங்கே அவர் கியூ.எஸ்., தனிப் படிப்பும் தனித் தொழிலும் உள்ளவர். அந்த வேறுபாடு சும்மா பெயரளவில் நிற்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரு ஊருக்கும் பொதுவான தாள் ஒன்று உண்டு: பிம் செயற்படுத்தல் திட்டம். பேச்சில் ‘பெப்’. ஒரு கட்டிடத்தின் எந்த உறுப்பை, எந்தக் கட்டத்தில், யார் மொடல் செய்வது, எவ்வளவு விபரத்துடன், இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று முட்டினால் யார், எத்தனை நாளில் தீர்ப்பது என்பதெல்லாம் வேலை தொடங்கும் முன் அதில் எழுதப்படும். ஐ.எஸ்.ஓ. 19650 இதை ஒப்பந்தத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கேட்கிறது.

விபரத்தின் அளவைச் சொல்ல எல்.ஓ.டி. என்ற எண்கள் உண்டு. அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் கழகம் 2008-இல் 100 முதல் 500 வரை ஐந்து படிகளாக வைத்தது. 300-க்கும் 400-க்கும் இடையே 350 பின்னர்தான் சேர்ந்தது. உறுப்பு பக்கத்து உறுப்போடு எப்படிச் சேர்கிறது, எதில் தொங்குகிறது என்பதைக் காட்டும் படி அது. நான் பார்த்த சென்னை அலுவலகத்துக்கு அமெரிக்க வேலை அதிகம். அங்கே “த்ரீ ஃபிஃப்டி” என்றால் எல்லோருக்கும் பொருள் ஒன்றே. கொழும்பில் எங்கள் தொழில் மரபு பிரித்தானியாவைப் பார்த்து வளர்ந்தது. எண்ணைவிடச் சொல்லில் எழுதுவோம்: ‘டக்ட், அளவும் மட்டமும் சரியாக.’ படிக்கிறவருக்கு உடனே புரியும் என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

எங்கள் வேலையொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். குடியிருப்பு மாடி. தளத்துக்குத் தளம் 3,300 மி.மீ. நடைபாதையைக் குறுக்கே கடக்கும் பீம், சிலாப்பையும் சேர்த்து 600. தரை ஓட்டுக்கு 50 போனால் பீமின் அடிவரை 2,650. வாங்குகிறவர்களுக்குச் சொன்ன சீலிங் உயரம் 2,400. ஆக, பீமுக்கும் சீலிங்கின் கீழ்முகத்துக்கும் இடையே 250. அதில் சீலிங் பலகையும் சட்டமும் 50 எடுக்கும். மொடலில் டக்ட் 400க்கு 150. கணக்குப் போட்டால் 50 மி.மீ. மிச்சம். நேவிஸ்வொர்க்ஸில் முட்டல் சோதனை ஓட்டினோம். அந்த நடைபாதையில் பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தை முதலில் சந்தேகித்தவர் எங்கள் கியூ.எஸ். அவர் முட்டலைத் தேடவில்லை. வெப்பக் காப்பு எத்தனை சதுர மீற்றர் என்று மொடலில் அளக்கப் போனார். அளக்க அங்கே எதுவும் இல்லை. “மிஸ், இந்த டக்டுக்கு லாகிங் இல்லையா?” என்று கேட்டார். லாகிங் உண்டு, சுற்றிவர 25. அப்படியானால் 150 என்பது 200 ஆகிறது. டக்டைத் தாங்கும் கோண இரும்புக்கு அடியில் இன்னும் 40. சீலிங்கின் 50-ஐயும் கூட்டினால் 290. இருக்கும் இடம் 250. மொடலில் 50 மிச்சம் காட்டிய இடத்தில், சைட்டில் 40 குறைந்திருக்கும்.

மொடல் பொய் சொல்லவில்லை. பொறுப்பு அட்டவணையில் ஒரு வரி விடுபட்டிருந்தது. டக்ட் ஆலோசகர் பெயரில் இருந்தது. காப்பும் தாங்கியும் குளிரூட்டல் உப ஒப்பந்தகாரர் வந்து செய்வார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ அப்போது நியமிக்கப்படவே இல்லை. மொடலில் இல்லாத பொருளோடு எதுவும் முட்டாது.

தீர்வு ஒரே மேசையில் முடிந்தது. டக்டை 700க்கு 100 ஆகத் தட்டையாக்கினோம். டக்டின் உயரம் 50 குறைந்தது. பரப்பளவு 60,000 சதுர மி.மீ.-இலிருந்து 70,000 ஆனாலும், அதே பரப்பளவுக்குத் தட்டையான டக்டில் காற்றுக்கு உராய்வு அதிகம். அதனால் இயந்திரப் பொறியியலாளர் விசிறியின் அழுத்தத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். காப்போடு 750 அகலம், நடைபாதை 1,500. கேபிள் தட்டுக்கும் குழாய்களுக்கும் பாதி அகலம் கிடைத்தது. புதன் காலை எடுத்த விடயம், வெள்ளி மாலை திருத்திய மொடலில் இருந்தது.

இங்கேதான் கொழும்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் பார்த்த சென்னை அறையில் முட்டல்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் படமும் பொறுப்பாளர் பெயரும் போட்டு வைத்திருந்தார்கள். ஒழுங்கென்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஆனால் முடிவெடுக்கிறவர் கடல் கடந்து இருக்கிறார். கேள்வி இரவு போகும், பதில் மறுநாள் வரும், அதற்கு இன்னொரு கேள்வி. எங்கள் மேசையில் கட்டமைப்புப் பொறியியலாளர், கியூ.எஸ்., கட்டிடக்கலைஞர் எல்லோரும் தேநீரோடு உட்கார்ந்திருப்பார்கள். பீமில் துளை போடலாமா என்று கேட்டால் கட்டமைப்புப் பொறியியலாளர் அப்போதே தலையாட்டுவார், அல்லது மாட்டார். பணம் எவ்வளவு கூடும் என்பதும் அங்கேயே தெரியும். இந்தியா என்றால் அந்த ஒரு அறை அல்ல; நாக்பூர் மெட்ரோ நேரத்தையும் செலவையும் சேர்த்து ஐந்து பரிமாண பிம்மில் கட்டப்பட்டது என்பதை நானும் அறிவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேவிஸ்வொர்க்ஸில் ஒரு முட்டலுக்கு `Approved` என்று குறித்தால் ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று பொருள். `Resolved` என்பது, சோதனையை மறுபடி ஓட்டும்போது முட்டல் காணாமல் போனால் மென்பொருள் தானாகவே போடுவது. அறிக்கையின் எண்ணிக்கையைக் குறைக்க முதலாவதைப் பாவிக்கும் பழக்கம் எந்த ஊரிலும் வரலாம். சென்னை அறையில் யார், ஏன் அப்படிக் குறித்தார் என்று ஒரு வரி எழுதாமல் விடமாட்டார்கள். எங்கள் மேசையில் ஆட்டிய தலை எல்லா நாளும் குறிப்பில் ஏறியதில்லை.

ஊர் திரும்பியபின் எங்கள் பெப்பில் இரண்டு மாற்றம் செய்தோம். பொறுப்பு அட்டவணையில் கியூ.எஸ்.ஸும் கையெழுத்திட வேண்டும். டக்ட் என்ற வரிக்குக் கீழே ‘காப்பு, தாங்கி’ என்று தனி வரி; பக்கத்தில் 350 என்ற எண்; உப ஒப்பந்தகாரர் வரும்வரை அதற்குரிய இடத்தை ஒரு பெட்டி வடிவமாகவாவது மொடலில் பிடித்து வைப்பது ஆலோசகரின் கடமை. சொல்லும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது.

கொழும்பிலோ சென்னையிலோ நடைபாதை மொடலில் பூச்சியம் முட்டல் என்று அறிக்கை வந்தால், கையெழுத்திடும் முன் அந்த வரி உங்கள் அட்டவணையில் இருக்கிறதா, அதற்கெதிரே ஒருவருடைய பெயர் இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.