சுவரில் கண்ட மூன்று வரிகள்

இரும்பையில் மாகாளேசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டுத் திண்டிவனம் நோக்கித் திரும்பும்போது, இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் சுவரில் நீல வர்ணத்தால் எழுதப்பட்டிருந்த ஒரு சிறு அட்டவணை என்னைச் சற்று நேரம் நிறுத்திவைத்தது. மூன்றே வரிகள்: தமிழ்நாடு கிரேக்க நாட்டுக்குச் சமம், விழுப்புரம் மாவட்டம் லக்சம்பர்க் நாட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, புதுச்சேரி அந்தோரா நாட்டைவிடப் பெரியது. எழுதிய ஆசிரியர் யாரோ, நல்ல எண்ணத்தோடும் ஏதோ ஒரு பரப்பளவு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டும்தான் எழுதியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் முதல் வரி ஏறக்குறைய உண்மை, இரண்டாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, மூன்றாவது உண்மையாக இருந்தும் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டது என்று எனக்குத் தோன்றியபடியால், நாடுகளோடு பரப்பை ஒப்பிடும் இவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் அவ்வரிகளை வைத்தே ஆராய்ந்து பார்க்க விழைந்தேன்.

குணத்தை முதலில் கூறுவதே முறை. தமிழ்நாட்டின் விஸ்தீரணம் 1,30,058 சதுர கிலோமீட்டர் என்று சொன்னால், அந்த எண் காதில் விழுமேயன்றி மனத்தில் உருவம் பெறாது. தெரிந்த ஒரு நாட்டோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் அதற்கு ஒரு அளவு பிறக்கிறது. அதற்கு வகுப்பறையில் தொங்கும் உலகப்படம் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது மட்டுமன்று, அது பல வேளைகளில் பொய்யும் சொல்லும். மெர்கேட்டர் முறையில் வரையப்பட்ட படத்தில், பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நிலம் ஊதிப் பெரிதாகிக்கொண்டே போகிறது. வட அட்சம் ஏறக்குறைய 11 பாகையில் கிடக்கும் தமிழ்நாடு அப்படத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான் மிகையாகத் தெரியும். 39 பாகையை ஒட்டிக் கிடக்கும் கிரேக்கமோ நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு மிகையாகத் தெரியும். ஆகவே உண்மையில் ஏறத்தாழ ஒத்த பரப்புள்ள இரண்டில் ஒன்று மற்றதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிது என்று மாணவன் தன் கண்ணால் கண்டே நம்பிவிடுகிறான். இந்தக் கண்மயக்கத்தைத் தீர்க்க வல்லது எண்ணை எண்ணோடு வைக்கும் அட்டவணை ஒன்றே.

ஆனால் அட்டவணை எதை எண்ணியது என்பது அடுத்த வினா. ‘பரப்பு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று, ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் யாவும் அடங்கிய மொத்தப் பரப்பு. மற்றொன்று, அவற்றைக் கழித்த நிலப்பரப்பு. கிரேக்கத்தின் மொத்தப் பரப்பு 1,31,957 சதுர கிலோமீட்டர். அதில் உள்நாட்டு நீர் ஆயிரத்து முந்நூறு அளவுதான் என்பதால் எந்தப் பத்தியைப் பார்த்து எழுதினாலும் பெரும்பிழை நேராது. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அதன் மொத்தப் பரப்பு 1,30,370. தமிழ்நாட்டுக்கு வெகு அணுக்கமாக நிற்கும் எண். ஆனால் அந்நாட்டின் நடுவே கடல்போல் விரிந்த ஏரிகள் கிடப்பதால், நிலத்தை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 1,20,000தான் மிஞ்சும். நம் மாநிலத்தின் 1,30,058-ல் ஏரி குளங்கள் யாவும் அடக்கம். ஒருவர் நம் மொத்தத்தை அவர்கள் நிலத்தோடு ஒப்பிட்டு, ‘நிகராகுவாவைவிட நாம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் பெரியவர்கள்’ என்று எழுதினால், அவர் காட்டும் இரண்டு எண்களும் சரியாகவே இருக்கும். முடிவு மட்டும் பிழையாக இருக்கும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஏனெனில் சரிபார்ப்பவர் எண்களைத்தான் சரிபார்ப்பார், அவை நின்ற பத்திகளின் தலைப்பை அல்ல. உலகில் பரப்பால் மூன்றாவது நாடு சீனமா அமெரிக்காவா என்று நூலுக்கு நூல் மாறுவதும், பேரேரிகளையும் கரையோர நீரையும் சேர்ப்பதா விடுவதா என்ற இதே குழப்பத்தின் விளைவே.

நீரையும் நிலத்தையும் பிரிப்பது எளிது என்று நினைப்பவர்கள் இரும்பைக்கு வடக்கே சிறிது தூரம் சென்று கழுவேலியைப் பார்த்து வரவேண்டும். வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகளின் மிகுதி நீர் வந்து தேங்கி, மரக்காணத்தை அடுத்த எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலைத் தொடும் அந்தத் தாழ்நிலம், ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் கண்ணுக்கெட்டிய மட்டும் நீராக நிற்கிறது. சித்திரை வைகாசியில் அதன் பெரும்பகுதி மாடு மேயும் தரையாகி வெடித்துக் கிடக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி மட்டுமே 5,151 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஐம்பத்தோரு சதுர கிலோமீட்டருக்கு மேல். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? கார்த்திகையில் அளந்தவன் நீர் என்பான், வைகாசியில் அளந்தவன் நிலம் என்பான், இருவரும் பொய்யரல்லர். பருவமழையால் வாழும் தேசத்தில் இத்தகைய இடங்கள் அநேகம் என்பதால், நம் மாநிலத்தை எந்நாட்டோடு ஒப்பிட்டாலும் மொத்தத்தோடு மொத்தத்தை வைப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். நிலத்தை மட்டும் கொண்ட ஒப்பீடு நமக்கு ஏற்றதன்று.

மொத்தம் என்பதாவது ஒரே எண்ணா என்றால், அதுவும் இல்லை. சர்வே துறையின் கணக்கை ஒட்டி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001-ல் தரும் எண் 1,30,058. நிலப்பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களோ, கிராமக் கணக்குகளைக் கூட்டி எழுந்தவை ஆகையால், 130.33 லட்சம் ஹெக்டேர், அதாவது 1,30,330 சதுர கிலோமீட்டர் என்கின்றன. வித்தியாசம் ஏறக்குறைய 270 சதுர கிலோமீட்டர். நம் வீட்டிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, 312 சதுர கிலோமீட்டர் கூடுதலான நிகராகுவாவைக் காட்டி ‘தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய நாடு’ என்று எழுதுவது, தராசின் முள் ஆடும் அளவுக்குள்ளேயே எடை சொல்வதை ஒக்கும். கிரேக்கம் நம்மைவிட நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் பெரிது என்பது மட்டும் இவ்விரு கணக்கிலும் நிற்கும். ஆகவே பள்ளிச் சுவரின் முதல் வரியில் ‘சமம்’ என்பதற்குமுன் ‘ஏறக்குறைய’ என்ற ஒரு சொல் இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது வரியின் நோய் காலம். பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-ல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்துக்கு 2011 கணக்கெடுப்பில் 7,194 சதுர கிலோமீட்டர், லக்சம்பர்க்குக்கு 2,586. வகுத்தால் 2.8 வரும், ‘ஏறக்குறைய மூன்று மடங்கு’ சரியே. ஆனால் 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் விழுப்புரத்துக்கு மிஞ்சியது ஏறக்குறைய 3,725 சதுர கிலோமீட்டர்தான். இன்றைய விடை ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. சுவரில் ஆண்டு எழுதியிருந்தால் வரி பழையதாகியிருக்குமேயன்றிப் பொய்யாகியிருக்காது. இதே காரணத்தால் தரவரிசையை நான் இன்னும் குறைவாக நம்புகிறேன்: பதினோராவது இடத்தில் நின்ற தமிழ்நாடு, 2019-ல் ஜம்மு காஷ்மீர் மாநில அந்தஸ்தை இழந்ததும், ஒரு சாண் நிலம் கூடாமலே பத்தாவது பெரிய மாநிலமாகிவிட்டது.

மூன்றாவது வரிக்கு இரும்பைக்காரர்களே சாட்சி. இவ்வூரிலிருந்து சில கல் தொலைவுக்குள் விழுப்புரம் மாவட்டமும் புதுச்சேரிப் பிரதேசமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இரு துணிகளைச் சேர்த்துத் தைத்த தையல்போல் எல்லை வளைந்து வளைந்து போகிறது. இங்கேயும் காரைக்காலிலும் மாஹேயிலும் யானாமிலும் சிதறிக் கிடக்கும் அப்பிரதேசத்தின் பரப்பு பழைய அட்டவணைகளில் 492 சதுர கிலோமீட்டர். 2001 கணக்கெடுப்பில் 479. பதின்மூன்று சதுர கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று தேடினால், ஒரு அடிக்குறிப்பு விடை சொல்லும்: புதுச்சேரிக்கும் ஆந்திரத்துக்கும் இடையே தகராறிலுள்ள 13 சதுர கிலோமீட்டரை இரு கணக்கிலும் சேர்க்கவில்லை. அந்தோராவோ 468. தகராற்றைச் சேர்த்தால் புதுச்சேரி 24 சதுர கிலோமீட்டர் பெரிது. சேர்க்காவிட்டால் 11 மட்டுமே பெரிது. வரி பிழைத்துக்கொண்டது, ஆனால் பெருமையின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அடிக்குறிப்பில் கிடக்கிறது. சிறிய நிலத்தில் இது வேடிக்கை. பெரிய நிலத்தில் அவ்வாறன்று. பழைய கணக்கெடுப்புகள் ஜம்மு காஷ்மீருக்குத் தரும் 2,22,236 சதுர கிலோமீட்டரில் பாகிஸ்தான், சீன வசமுள்ள 1,20,849 அடங்கும். அடிக்குறிப்பை விட்டுவிட்டு முழு எண்ணை எடுத்தவர் ருமேனியாவுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்துவார். எஞ்சிய 1,01,387-ஐ எடுத்தவர் ஐஸ்லாந்துக்கு அருகே நிறுத்துவார். அடிக்குறிப்பை நறுக்கிவிட்டு எண்ணை மட்டும் பெயர்த்தெழுதும் பழக்கத்தை அசிரத்தை என்று சொல்வதுகூட எனக்குப் போதவில்லை.

பழைய நூல்களைப் புரட்டுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஆந்திரம் பிரிவதற்கு முந்தைய சென்னை மாகாணத்தின் பரப்பு 1,26,000-ஐச் சற்றுத் தாண்டும். இன்றைய தமிழ்நாடு 1,30,058. மாகாணம் சுருங்கவில்லை, சற்று வளர்ந்தது என்று இதைக் கொண்டு ஒருவர் வாதிட முடியும்; முன்னது சதுர மைல், பின்னது சதுர கிலோமீட்டர் என்பதைக் கவனிக்காத வரையில். சதுர மைலில் இன்றைய தமிழ்நாடு ஏறக்குறைய 50,216 மட்டுமே.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒரு குறை எஞ்சும். நாடு என்ற சொல்லைக் கேட்டதும் வாசகன் பரப்பை மட்டும் நினைப்பதில்லை. ஜனத்தொகையையும் வளத்தையும் பலத்தையும் சேர்த்தே நினைத்துவிடுகிறான். கிரேக்கத்தில் வாழ்வோர் ஏறக்குறைய ஒரு கோடி. தமிழ்நாட்டில் 2011-லேயே ஏழு கோடிக்கு மேல். ஒத்த பரப்பு என்று சொன்ன வாய் இதையும் சொல்லாவிட்டால், கேட்பவன் இரண்டும் எல்லா வகையிலும் ஒத்தவை என்று கொள்வது அவன் குற்றமன்று. மேலும், நம் மாணவர்களில் எத்தனை பேர் கிரேக்கத்தின் நீள அகலத்தை மனத்தில் கண்டிருக்கிறார்கள்? 65,610 சதுர கிலோமீட்டர் கொண்ட இலங்கையோடு வைத்து, ‘தமிழ்நாடு இரண்டு இலங்கைக்குச் சற்றே குறைவு’ என்று சொன்னால், கணக்கும் பிழையாது, இராமேசுவரத்துக் கரையில் நின்று எதிர்க்கரையை எண்ணிப் பார்த்த ஒவ்வொருவருக்கும் அளவும் விளங்கும்.

அந்தச் சுவருக்கு மறுபடி வர்ணம் பூசும் ஆசிரியர் யாராயினும், அவரிடம் என் விண்ணப்பம் இவ்வளவே: முதல் வரியை, ‘தமிழ்நாடு 1,30,058 ச.கி.மீ. (2001 கணக்கெடுப்பு, நீர்நிலைகள் உட்பட). இலங்கை 65,610 ச.கி.மீ. (நீர்நிலைகள் உட்பட), ஏறக்குறைய இரண்டு மடங்கு’ என்று எழுதுங்கள், இரண்டாவது வரியில் ஆண்டைச் சேருங்கள், மூன்றாவதன்கீழ், சிறிய எழுத்திலேனும், அந்தப் பதின்மூன்று சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம் விடுங்கள்.