உம்மையும் மூன்று ஆங்கிலச் சொற்களும்

‘நான் சொல்லியும் அவன் கேட்கவில்லை.’ இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். என் எதிரே உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் ‘டெஸ்பைட் ஆஃப் ஐ டெல்லிங், ஹி டிட் நாட் லிசன்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘ஆஃப்’ மேல் கோடு போட்டாள், அது சரி. பிறகு ‘ஐ’ மேலும் கோடு போட்டாள். உடனே அதையே மறுபடி எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். “ஐ இல்லன்னா யார் சொன்னதுன்னு தெரியாதே மிஸ்?”

அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதில் அவளுடைய கையேட்டில் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கையேடு இந்தச் சொற்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தது.

நம் பள்ளிகளில் ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ மூன்றும் வாக்கிய மாற்றப் பயிற்சியின் வழியாகத்தான் அறிமுகமாகின்றன. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலில் இதற்குத் தனிப் பகுதியே உண்டு. தேர்வுக்கான கையேடுகள் அதைச் சுருக்கி ஒரு வாய்பாடாக்கியிருக்கின்றன: காம்ப்ளெக்ஸ் என்றால் ‘தோ’ அல்லது ‘ஆல்தோ’, காம்பவுண்ட் என்றால் ‘பட்’, சிம்பிள் என்றால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’. மூன்றாவதற்கு ஒரு துணை வாய்பாடும் உண்டு. எழுவாயை ‘ஹிஸ்’, ‘ஹெர்’ என்று உடைமைச் சொல்லாக்கு, வினையை ‘பீயிங்’ ஆக்கு. ‘தோ ஹி இஸ் புவர்’ என்பது ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பீயிங் புவர்’ ஆகிவிடும்.

இந்தப் பயிற்சியை நான் தள்ளிவிடமாட்டேன். வீட்டில் ஆங்கிலம் பேசக் கேட்டிராத பிள்ளைக்கு இது பிடித்து ஏற ஒரு கயிறு. அதைவிட முக்கியமான ஒன்று, இந்தச் சொற்களின் உண்மையான வேறுபாடு பொருளில் இல்லை, கட்டுமானத்தில் இருக்கிறது என்பதை இது சரியாகவே பிடித்திருக்கிறது. ‘ஆல்தோ’வுக்குப் பின்னால் எழுவாயும் முற்றுவினையும் உள்ள முழு வாக்கியம் வரவேண்டும். ‘டெஸ்பைட்’டுக்கும் ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்கும் பின்னால் பெயர்ச்சொல்லோ பெயர்போல நிற்கும் ‘இங்’ வடிவமோதான் வரலாம். ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங்’ என்பதையும் ‘டெஸ்பைட் தி ரெய்ன்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த எல்லை கண்ணில் படும். அர்த்தத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஒருநாளும் படாது, ஏனென்றால் மூன்றுக்கும் தமிழ் அர்த்தம் ஒன்றுதான்.

குறை எங்கே என்றால், பயிற்சி ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளையோ தமிழிலிருந்து வருகிறாள். அவளுடைய தவறு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பயிற்சிக்குத் தெரியாது.

‘நான் சொல்லியும்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘நான்’ என்ற எழுவாய் இருக்கிறது, அதுவும் வேற்றுமை உருபு எதுவும் ஏற்காமல் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் வினை முற்று இல்லை. ‘சொல்லி’ என்ற எச்சத்தோடு ஓர் ‘உம்’ சேர்ந்திருக்கிறது. வாக்கியத்தின் ஒரே முற்று கடைசியில் வரும் ‘கேட்கவில்லை’. இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். ‘ஆல்தோ’ எழுவாயையும் கேட்கும், முற்றையும் கேட்கும். ‘டெஸ்பைட்’ இரண்டையுமே ஏற்காது. தமிழ் உம்மையோ எழுவாயை வைத்துக்கொண்டு முற்றை விட்டுவிடுகிறது. பாதி ‘ஆல்தோ’, பாதி ‘டெஸ்பைட்’. அந்தப் பெண் எழுதிய ‘டெஸ்பைட் ஐ டெல்லிங்’ தமிழ் அமைப்பின் நேர்நகல். ‘ஐ’ என்பது ‘நான்’, ‘டெல்லிங்’ என்பது ‘சொல்லி’, ‘டெஸ்பைட்’ என்பது ‘உம்’. சிவப்பு மையில் சுழித்துவிட்டு ‘விதியைப் படி’ என்று எழுதினால் அவளுக்கு என்ன விளங்கும்?

‘ஆல்தோ’ பக்கத்தில் வரும் தவறும் இதே ஊற்றிலிருந்துதான். ‘ஆல்தோ ஐ டெல்லிங் ஹிம்’ என்று எழுதும் பிள்ளை முற்றை வைக்க மறந்துவிடவில்லை. தமிழில் அந்த இடத்தில் முற்று வராது, அதனால் ஆங்கிலத்திலும் தேடவில்லை. எனவே நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: உன் உம்மை வாக்கியத்தில் எழுவாய் எத்தனை? ஒன்றா, இரண்டா?

எழுவாய் ஒன்றுதான் என்றால் ‘டெஸ்பைட்’ சுலபம். ‘காய்ச்சலோடு இருந்தும் அவள் தேர்வு எழுதினாள்’ என்பதில் காய்ச்சலோடு இருந்ததும் தேர்வு எழுதியதும் அவளே. ‘டெஸ்பைட் ஹேவிங் எ ஃபீவர், ஷி ரோட் தி எக்ஸாம்’ என்றால் குழப்பமில்லை. ‘இங்’ வடிவத்துக்குச் சொந்த எழுவாய் இல்லாதபோது, வாசிப்பவர் அடுத்து வரும் எழுவாயை அதற்குக் கொடுத்துவிடுவார். ‘நான் சொல்லியும் அவன் கேட்கவில்லை’யில் ஆள் இருவர். அங்கே ‘ஐ’யைச் சும்மா நீக்கி ‘டெஸ்பைட் டெல்லிங் ஹிம், ஹி டிட் நாட் லிசன்’ என்று எழுதினால், சொன்னவனும் அவனே, கேட்காதவனும் அவனே என்று வாக்கியம் தடுமாறும். அந்தப் பெண் பயந்தது இதற்குத்தான். ஆள் இருவர் என்றால் ‘ஆல்தோ ஐ டோல்ட் ஹிம்’ என்று முழு வாக்கியத்துக்குப் போய்விடுவதே இயல்பு. ‘டெஸ்பைட்’தான் வேண்டுமென்றால் ‘ஐ’ என்பதை ‘மை’ ஆக்கலாம்: ‘டெஸ்பைட் மை டெல்லிங் ஹிம்’. இலக்கணப்படி சரி, ஆனால் விறைப்பாக ஒலிக்கும். அதைவிட, வினையையே விட்டுவிட்டு ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுவது நல்லது.

வாய்பாடு இந்தத் தேடலைத்தான் தடுத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ‘ஹிஸ் பீயிங்’ கைவசம் இருப்பதால் பிள்ளை வேறெதையும் தேடுவதில்லை. ‘பஸ் இல்லாதபோதும் அவள் வந்தாள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘தோ தேர் வாஸ் நோ பஸ்’ என்று கொடுத்துச் சிம்பிளாக மாற்றச் சொல்லிப் பாருங்கள். வாய்பாடு உடைமைச் சொல் கேட்கும். ‘தேர்’ என்பதற்கு உடைமைச் சொல் ஏது? ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹெர் நோ பஸ்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘தேர் பீயிங் நோ பஸ்’ என்று எழுதலாம், ‘தி லாக் ஆஃப் எ பஸ்’ என்றும் எழுதலாம். வாய்பாடு இரண்டுக்கும் வழிகாட்டவில்லை. ‘மழை வரக்கூடும் என்றாலும்’ என்ற வகை இன்னும் கடினம். ‘மைட் ரெய்ன்’ என்பதிலுள்ள ‘மைட்’டை ‘இங்’ ஆக்கவே முடியாது. ‘டெஸ்பைட் தி சான்ஸ் ஆஃப் ரெய்ன்’ என்று அந்த ஐயத்தையே பெயராக்கினால்தான் பொருள் நிலைக்கும்.

மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பழக்குவதால் இன்னொரு பிழை நுழைகிறது, இதிலும் தமிழின் பங்கு உண்டு. நம்முடைய ‘ஆலும்’ இரட்டை வேலை செய்யும். ‘மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது’ என்பதில் மழை பெய்துவிட்டது. ‘நாளைக்கு மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும்’ என்பதில் மழை இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். ‘ஆல்தோ’வும் ‘டெஸ்பைட்’டும் உண்மையென்று எடுத்துக்கொண்ட செய்திக்குத்தான் பொருந்தும், இரண்டாவது வாக்கியத்துக்கு ‘ஈவன் இஃப்’ வேண்டும். பிள்ளைகளோ ‘ஆலும்’ என்றாலே ‘ஆல்தோ’ என்று எழுதிவிடுகிறார்கள், ஒலிகூட ஒத்துப்போகிறதே! இதைச் சோதிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. ‘பெய்தாலும்’ இருக்கும் இடத்தில் ‘பெய்தும்’ போட்டுப் பாருங்கள். ‘மழை பெய்தும் ஆட்டம் நடந்தது’ பொருந்துகிறது, அங்கே ‘ஆல்தோ’ வரும். ‘நாளைக்கு மழை பெய்தும் ஆட்டம் நடக்கும்’ நாக்கில் நிற்கவில்லை, அங்கே ‘ஈவன் இஃப்’.

எழுத்துப் பிழைகளை நீட்ட வேண்டியதில்லை. ‘இன்ஸ்பைட்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதால் சேர்த்து எழுதிவிடுகிறோம், ‘இன் ஸ்பைட் ஆஃப்’ தனித்தனியான மூன்று சொற்கள். அதிலுள்ள ‘ஆஃப்’ பக்கத்து வீட்டுக்குத் தாவித்தான் ‘டெஸ்பைட் ஆஃப்’ பிறக்கிறது. உண்மையில் ‘ஸ்பைட்’ என்பதே ‘டெஸ்பைட்’டின் தேய்ந்த வடிவம், முற்காலத்தில் ‘இன் டெஸ்பைட் ஆஃப்’ என்றும் எழுதினார்கள். இன்றைக்கு இரண்டுக்கும் பொருள் வேறுபாடு இல்லை, சுருக்கம் கருதி எழுத்தில் ‘டெஸ்பைட்’டை விரும்புகிறவர்கள் உண்டு.

அகராதிப் பொருளைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘டெஸ்பைட்’ என்றால் ‘பொருட்படுத்தாமல்’ என்று நம் கையேடுகள் எழுதுகின்றன. சொல்லின் வேரைப் பார்த்தால் தவறில்லை. இகழ்ந்து கீழே பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது அது, வெறுத்து ஒதுக்குவதைக் குறிக்கும் ‘டெஸ்பைஸ்’ அதன் உறவுச் சொல். ஆனால் அந்த இகழ்ச்சி ஆங்கிலத்தில் எப்போதோ கரைந்துவிட்டது. தமிழில் ‘பொருட்படுத்தாமல்’ என்றால் பொருட்படுத்தாத ஓர் ஆள் வேண்டும். ‘டெஸ்பைட் தி ரெய்ன், தி லேக் இஸ் எம்ப்டி’ என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால் ‘மழையைப் பொருட்படுத்தாமல் ஏரி காலியாக இருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். ஏரிக்கு அத்தனை வீம்பு இல்லை. ‘மழை பெய்தும் ஏரி காலியாக இருக்கிறது’ என்பதுதான் தமிழ். ஆங்கிலத்தில் வினை இல்லாத இடத்தில் தமிழ் ஒரு வினையைக் கேட்கிறது, தமிழில் வினை இருக்கும் இடத்தில் ஆங்கிலம் ஒரு பெயரைக் கேட்கிறது. இந்தப் போக்குவரத்தைப் பழக்காத வாக்கிய மாற்றம் பாதிப் பயிற்சிதான். தேர்வில் அது இருக்கட்டும், அதற்கு முன் ஒரு வாரமாவது பிள்ளைகள் தாங்கள் வீட்டில் பேசும் உம்மை வாக்கியங்களைக் கொண்டுவந்து அவற்றிலிருந்து தொடங்க வேண்டும். எதை எதுவாக மாற்றலாம் என்று கேட்பதோடு, எது மாறாது, ஏன் மாறாது என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் நோட்டுக்குத் திரும்புகிறேன். எழுவாய் இரண்டு என்று அவளே கண்டுபிடித்து ‘ஆல்தோ ஐ டோல்ட் ஹிம்’ என்று எழுதிவிட்டாள். அடுத்து ‘டெஸ்பைட் மை’ என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.

“இதுக்கப்புறம் என்ன போடறது மிஸ்? அட்வைஸா, வார்னிங்கா, ரெக்வெஸ்டா?”

‘சொல்லியும்’ என்ற தமிழ்ச் சொல் அதை வெளியே சொல்லவில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல் சொல்லியாக வேண்டும்.

“நீ அவன்கிட்ட என்ன சொன்னே?”

“தம்பிகிட்டதான். பாலத்துக்கு மேல தண்ணி போகுது, சைக்கிள எடுத்துட்டுப் போகாதன்னு சொன்னேன்.”

“அப்போ?”

‘வார்னிங்’ என்று எழுதினாள்.