வெள்ளைக்குள் முதுகெலும்பு

சிந்தாதிரிப்பேட்டை எக்ஸ்ரே நிலையத்தில் அப்பாவின் நெஞ்சுப் படம் திரையில் வந்தது. நுரையீரல் தெளிவு; இதயத்துக்குப் பின்னால் ஒரே வெள்ளை. ஃபிலிம் காலமென்றால் அவ்வளவுதான். கழுவி எடுத்த வெள்ளை மாறாது, மறுபடி படம் எடுக்க வேண்டும். இங்கே டெக்னீஷியன் மவுஸை மெல்ல இழுத்தார். வெள்ளைக்குள்ளிருந்து முதுகெலும்பு கணுக்கணுவாக எழுந்து வந்தது. என்ன அழகு!

டிடெக்டரில் சீசியம் அயோடைடு கதிரை ஒளியாக்குகிறது. அடியிலுள்ள சிலிக்கான் அந்த ஒளியை மின்னூட்டமாக்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாகிறது. 14 பிட் என்றால் 16,384 படிகள். சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள்தான். எந்தப் படிகளை அந்த 256-இல் விரித்துக் காட்டுவது என்பதைத்தான் மவுஸ் மாற்றுகிறது. கதிர் போதாமல் எடுத்த படத்தில் மட்டும், எவ்வளவு இழுத்தாலும், மணல் தூவியதுபோல் புள்ளிகளே தெரியும்.