கடைசி இலக்கத்தின் சேமிப்பு

கடைக்காரருக்கு 43 ரூபாய் கொடுத்தால் அதை 50 என்று வைத்துக்கொண்டு, எஞ்சிய 7 ரூபாயை நம்முடைய பாங்குக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்து, அதற்குத் தங்கம் வாங்கிச் சேர்த்து வைக்கிற செயலி ஒன்றை 84 நாட்கள் என் கைபேசியில் வைத்துப் பழகிப் பார்த்தேன். யோசனை புதியதன்று. டெபிட் கார்டில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையையும் முழு டாலராக உயர்த்தி, வித்தியாசத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் திட்டத்தைப் பாங்க் ஆஃப் அமெரிக்கா 2005லேயே ஆரம்பித்தது. முதல் மூன்று மாதங்களில் வாடிக்கையாளர் சேர்த்த தொகைக்குச் சமமான தொகையைப் பாங்கே தன் பங்காகப் போட்டது. என் கையிலிருந்த செயலி அப்படி எதுவும் போடுவதில்லை.

செயலியின் தோற்றத்தையும் வேகத்தையும் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பதிவு செய்து முடிக்க ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. யூ.பி.ஐ. ஆட்டோபேக்கு ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால், முதல் நாளைய மிச்சங்களைக் கூட்டி மறுநாள் ஒரே தொகையாக எடுத்துக்கொள்கிறது. நம் கையும் மனமும் தலையிடாமல் பணம் ஒதுங்கிவிடுகிறது என்ற அந்த ஒரு குணம் உண்மையிலேயே சிலாக்கியமானது. ஆனால் ஒதுங்குகிற தொகை எவ்வளவு என்ற கேள்விதான் முதல் வாரத்திலிருந்து என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அதைத் தீர்த்துக்கொள்வதற்காகவே ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஒவ்வொரு செலவையும் எழுதிவரலானேன்.

ஒரு தேதியின் பக்கத்தை மட்டும் பார்ப்போம். காலையில் காபிக்கு 15 ரூபாய், தேங்காய்க்கு 32, கொத்தமல்லிக் கட்டுக்கு 12, மருந்துக் கடையில் கார்டைத் தேய்த்துக் கட்டியது 186, வீட்டு வாடகை 11,000. பத்தின் மடங்குக்கு உயர்த்திக் கணக்குப் பார்த்தால் 5, 8, 8, 4, பூஜ்யம் என்று 25 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். செயலி எடுத்ததோ 4 ரூபாய். மருந்துக்கடைக் கணக்கைத் தவிர மற்றச் சில்லறைச் செலவுகள் எதுவும் அதன் பார்வையில் படவேயில்லை.

காரணத்தைத் தேடியதில் விஷயம் விளங்கிற்று. நாம் செலவழிப்பதை இந்தச் செயலி நேரடியாக அறிவதில்லை. பாங்கு அனுப்புகிற குறுஞ்செய்திகளைப் படித்துத்தான் அறிகிறது. நான் சில்லறைச் செலவுகளை யூ.பி.ஐ. லைட் மூலம் செய்கிறவன். அதில் முன்கூட்டியே ஒரு தொகையை நிரப்பி வைத்துக்கொண்டு அதிலிருந்து கொடுத்து வருவதால், காபிக்கும் தேங்காய்க்கும் தனித்தனியே செய்தி வருவதில்லை. 500 ரூபாய் நிரப்பிய செய்தி மட்டும் வருகிறது. ஐந்நூறு பத்தின் மடங்காகையால் அதில் மிச்சம் ஏது? சரி, லைட்டை நிறுத்திவிட்டால் போயிற்று என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு தடை இருக்கிறது. ஒரு பெரிய தனியார் பாங்கு, 2024 ஜூன் கடைசியிலிருந்து, 100 ரூபாய்க்குக் குறைந்த யூ.பி.ஐ. பற்றுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டது. சில்லறை மிச்சத்தை நம்பிப் பிறந்த ஒரு சேமிப்புமுறைக்குச் சில்லறைச் செலவே தெரியாமற் போவது சாமான்யமான குறையன்று.

84 நாட்களில் நான் பணம் கொடுத்தது 412 தடவை. அவற்றுள் செயலியின் கண்ணில் பட்டவை 231. அந்த 231லும் 96 தொகைகள் பூஜ்யத்தில் முடிந்தவை. எஞ்சிய 135லிருந்து சேர்ந்தது 648 ரூபாய். அதே காலத்தில் என் செலவு சுமார் 1,05,000 ரூபாய் ஆகையால், நூறு ரூபாய் செலவழித்தால் 62 காசு சேமித்தேன் என்று அர்த்தம். தவறிப்போனவையெல்லாம் அகப்பட்டிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. ஏனென்றால் இம்முறை செலவின் அளவைப் பார்ப்பதில்லை; எண்ணிக்கையையும் கடைசி இலக்கத்தையும் மட்டுமே பார்க்கிறது. கொத்தமல்லிக் கட்டு எட்டு ரூபாய் சேமிக்கச் செய்கிறது. பதினோராயிரம் ரூபாய் வாடகை ஒன்றும் செய்வதில்லை. ஜுரத்தில் படுத்திருந்த ஒரு வாரத்தில் நான் வெளியே போகவில்லை, செலவும் குறைந்தது, ஆகவே சேமிப்பும் குறைந்தது! கையில் பணம் தங்குகிற வாரத்திலேயே சேமிப்பு இளைக்கிற இந்த விபரீதத்தை எப்படி ஒப்புக்கொள்வது?

சேர்ந்த சிறு தொகையும் முழுதாக நம்முடையதாகிவிடுவதில்லை. ஒரு நாள் மாலை பரீக்ஷார்த்தமாக 100 ரூபாய்க்குத் தனியாகத் தங்கம் வாங்கினேன். ஜி.எஸ்.டி. 3 சதவீதம் போக, 97 ரூபாய் 9 காசுக்குத்தான் தங்கம் கிடைத்தது. உடனே விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். செயலி நமக்கு விற்கிற விலைக்கும் நம்மிடம் வாங்கிக்கொள்கிற விலைக்கும் அன்று 4 சதவீத வித்தியாசம் இருந்தபடியால், அந்தத் தங்கத்தின் மதிப்பு 93 ரூபாய் 20 காசாக நின்றது. போட்ட முதலை மீட்பதற்கே தங்கத்தின் விலை ஏழு சதவீதத்துக்கு மேல் ஏறியாக வேண்டும். விலை ஏறுகிற காலத்தில் இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறாத காலத்தில்தான் தெரியும். மேலும், இத்தகைய டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை என்று செபி 2025 நவம்பரில் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. வியாபாரம் நொடித்துப்போனால் முறையிட அந்த வாசல் திறந்திராது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் தானாகச் சேமிக்கும் முறையே பிரயோஜனமற்றதா என்றால், இல்லை. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பு விகிதமும் தானாக உயரும்படி ஏற்பாடு செய்துகொண்ட தொழிலாளர்கள், 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்குப் போனதைக் காட்டியிருக்கிறார்கள். அங்கும் மனிதர்கள் தினந்தோறும் மனவுறுதியைத் திரட்டிக்கொண்டிருக்கவில்லை. பணம் தானாகத்தான் போயிற்று. ஆனால் அது வருமானத்தின் ஒரு பங்காகப் போயிற்று, கடைச் செலவின் வாலிலிருந்து போகவில்லை. 62 காசுக்கும் 13 ரூபாய் 60 காசுக்கும் உள்ள தூரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே 85ஆவது நாள் செயலியை எடுத்துவிட்டேன். இதில் ஒரு ஜாக்கிரதை அவசியம். கைபேசியிலிருந்து செயலியை நீக்குவதால் மட்டும் நாம் கொடுத்த ஆட்டோபே அனுமதி ரத்தாகிவிடுவதில்லை. பணம் கட்ட உபயோகிக்கும் யூ.பி.ஐ. செயலிக்குள் போய், ஆட்டோபே பகுதியைத் திறந்து, அங்கே உயிரோடிருக்கும் மேன்டேட்டை நாமே ரத்து செய்ய வேண்டும். நான் திறந்து பார்த்தபோது, தினம் ஏழெட்டு ரூபாய் எடுப்பதற்காக நான் சம்மதித்திருந்த உச்சவரம்பு 500 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. அவசரத்தில் படிக்காமல் ஒப்புக்கொண்டது என் பிழைதான். ஆனாலும் அந்த எண்ணைச் சிறிய எழுத்தில் அடியில் போட்டிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே வாரம் தபால் ஆபீஸில் மாதம் 500 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்கினேன். வட்டி 6.7 சதவீதம். அறுபது மாதங்களில் நான் கட்டப்போவது 30,000. திரும்பி வருவது 35,600 ரூபாய்க்குச் சற்று மேலே. செயலி 84 நாட்களில் எடுத்த வேகத்தில் போயிருந்தால், அதே ஐந்து வருஷங்களில் என் முதல் பதினாலாயிரத்தைச் சற்றே தாண்டியிருக்கும். சம்பளம் வந்த மறுநாளே தவணை போய்விடும்படி என் சேமிப்புக் கணக்கோடு அதை இணைத்திருக்கிறேன். அடுத்த சம்பள உயர்வு வரும்போது இன்னொரு 500க்குப் புதிய கணக்குத் தொடங்குவதற்கான விண்ணப்பத்தையும் இப்போதே வாங்கி, அந்த நோட்டுப் புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.